‘பொதுப்படையாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டால் கடமை முடிந்ததா?

“முன்மொழிவு பொதுப்படையாக உள்ளது. எந்திரத்தின் துணையோடு உருவாக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. பரிந்துரைக்க இயலவில்லை.”

ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பித்த ஓர் இளைஞருக்கு அனுப்புவதற்கென்று தயாரான மதிப்பீட்டுக் குறிப்பு இது. மொத்தமே மூன்று வரிதான். எழுதியவர் மூத்த பேராசிரியர். அதே விண்ணப்பத்தைப் படித்த இரண்டாவது ஆள் நான். கோவை வட்டாரத்தில் கள ஆய்வு செய்பவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கும் ஒரு நிதியத்தில், வரும் விண்ணப்பங்களை முதல் சுற்றில் படித்துத் தரும் வேலை சென்ற ஆண்டு எனக்கு வந்தது. நிதியத்தின் பெயரும் பேராசிரியரின் பெயரும் இங்கே தேவையில்லை. இந்த மூன்று வரியை எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தக் குழுவில் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினான்கு பக்கங்களை முதல் தடவை படித்தபோது எனக்கும் அதேதான் தோன்றியது. நானும் கையெழுத்துப் போட்டிருந்தால் கோப்பு அன்றைக்கே மூடியிருக்கும். என்னைத் தடுத்தது தலைப்புதான். பல்லடம், சோமனூர் வட்டார விசைத்தறிக் கூடங்களில் அருந்ததியர் தொழிலாளர்கள் வாங்கும் முன்பணம் பற்றிய ஆய்வு அது. இப்படியொரு தலைப்பை யோசிக்கத் தெரிந்தவருக்கு உள்ளே சொல்ல ஒன்றுமே இல்லாமல் எப்படிப் போகும்?

உள்ளே இருந்தது இதுதான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், தமிழில் தருகிறேன்: “கொங்கு மண்டலத்தில் விளிம்புநிலைச் சமூகங்கள் பல்வேறு சமூகப் பொருளாதாரச் சவால்களை எதிர்கொள்கின்றன. இச்சவால்களைப் பன்முகக் கோணத்தில் புரிந்துகொள்வது கொள்கை வகுப்பாளர்களுக்குப் பயன்படும்.” கொங்கு என்பதை எடுத்துவிட்டு பீகார் என்று போடுங்கள். விசைத்தறியை எடுத்துவிட்டு செங்கல் சூளை என்று போடுங்கள். வாக்கியத்துக்கு ஒரு கீறலும் விழாது. பெயரை மாற்றினாலும் குலையாத வாக்கியம் எந்த ஊரையும் பற்றியதல்ல. பதினான்கு பக்கத்தில் ‘அருந்ததியர்’ என்ற சொல் இரண்டே இடத்தில்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் ‘விளிம்புநிலை’.

ஆகவே பேராசிரியர் எழுதிய முதல் வரியோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவது வரியோடுதான் சண்டை.

‘எந்திரம் எழுதியது போலிருக்கிறது’ என்பது மதிப்பீடு அல்ல, குற்றச்சாட்டு. குற்றம் சாட்டுகிறவர் ஆதாரம் காட்ட வேண்டும். திருட்டு எழுத்துக்கு 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அறுபதைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். அந்த விதிகள் மீது எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனாலும் அங்கே மூலப் பனுவலையும் மாணவர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியும். “இது அங்கே இருக்கிறது, நீ எப்படி எடுத்தாய்?” என்று கேட்கலாம். மாணவரும் பதில் சொல்லலாம். எந்திரம் எழுதியது என்ற சந்தேகத்தில் பக்கத்தில் வைக்க எதுவும் கிடையாது. மறுக்க வழியே இல்லாத குற்றச்சாட்டு அது.

கண்டுபிடித்துச் சொல்வதற்கு மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. எந்திரம் எழுதிய பனுவல்களில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாக அடையாளம் கண்டது. மனிதர்கள் எழுதியதில் 9 விழுக்காட்டை எந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. ஆறே மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டை எந்திரம் எழுதியது என்று முத்திரை குத்தின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாக மனிதர் எழுதியது என்றன.

காரணம் எளிது. அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதை இந்த மென்பொருள்கள் அளக்கின்றன. சுலபமாக ஊகிக்க முடிந்தால் எந்திரம் என்று தீர்ப்பு. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் கையில் இருக்கும் சொற்கள் குறைவு. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் ஏற்கெனவே பார்த்த வாக்கிய அமைப்புகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார். ஊகிக்க முடிவது இயல்பு. அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து, கல்லூரியில்தான் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரியின் ஆங்கிலம் எந்தப் பக்கம் விழும் என்று நான் சொல்ல வேண்டுமா? மென்பொருளைவிடப் பேராசிரியரின் காது இதில் நியாயமானது என்று நம்புவதற்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை. எங்கள் ஆங்கிலம் தப்பாக இருந்தால் ‘தரமில்லை’ என்றார்கள். இப்போது சரியாக இருந்தால் ‘நீ எழுதியதில்லை’ என்கிறார்கள்.

மதிப்பீட்டாளர்களும் ஒன்றும் புனிதப் பசுக்கள் அல்ல. 2023-இல் ஆஸ்திரேலிய ஆய்வு மன்றத்துக்கு விண்ணப்பித்தவர்களுக்கு வந்த மதிப்பீட்டுக் குறிப்புகள் சிலவற்றில், Regenerate response என்ற சொற்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தன. சாட்ஜிபிடி திரையில் பதிலுக்குக் கீழே இருந்த பொத்தானின் பெயர் அது. விண்ணப்பதாரர் மாதக்கணக்கில் உழைத்து எழுதியதை மதிப்பீட்டாளர் எந்திரத்திடம் கொடுத்து, வந்ததை நகலெடுத்து அனுப்பியிருக்கிறார், கடைசி வரியைக் கூடப் படிக்காமல். அதன் பிறகே அந்த மன்றம் மதிப்பீட்டாளர்கள் இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2025 செப்டம்பரிலிருந்து ஒரு முதன்மை ஆய்வாளர் ஆண்டுக்கு ஆறு விண்ணப்பங்களுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. எந்திரத்தை வைத்து விண்ணப்பங்களைக் குவிக்கிறார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். குவிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடமும் ஆள்பலமும் வைத்துக்கொண்டு குவிப்பவருக்கும், வாழ்க்கையில் முதல் தடவையாக விண்ணப்பிக்கும் பல்லடத்துப் பையனுக்கும் ஒரே மூன்று வரியா?

அந்தப் பொதுப்படை மொழி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எந்திரத்துக்கு முன்னால் அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? துறைக்குத் துறை ஒரு ‘மாதிரி முன்மொழிவு’ கைமாறிக்கொண்டே இருக்கும். அறிமுகம், சிக்கல் கூற்று, நோக்கங்கள், கருதுகோள், மாதிரி எடுப்பு, எதிர்பார்க்கும் பயன். ‘நான்’ என்று எழுதினால் சிவப்பு மை. சாதிப் பெயர் எழுதினால் “எதற்கு வம்பு, பொதுவாகப் போடு” என்பார் நெறியாளர். எந்திரம் இணையத்தில் கொட்டிக் கிடக்கும் இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்துத்தான் பேசக் கற்றது. அதன் குரல் நம் சமூக அறிவியல் துறைகளின் குரலேதான்.

‘விளிம்புநிலை’ என்ற சொல் யாருக்கு வசதி என்று யோசியுங்கள். விளிம்புக்குத் தள்ளப்பட்டவர் இருக்கிறார், தள்ளியவர் காணாமல் போகிறார். பல்லடம் பக்கம் பல ஊர்களில் தறிக்கூடம் கவுண்டருடையது. சில ஊர்களில் முதலியார், தேவாங்கச் செட்டியார். தறியில் நிற்பவர் வளவிலிருந்து வருகிறார். அவருடைய தாத்தா அதே குடும்பத்தின் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்து ‘பண்ணாடி’ என்று கைகட்டி நின்றவராக இருக்கலாம். இத்தனையும் ‘சமூகப் பொருளாதாரச் சவால்’ என்ற மூன்று சொல்லுக்குள் அடங்கிவிட்டால் யாருக்கும் கோபம் வராது, ஊர்க்கூட்டம் வராது, ஆய்வாளருக்கும் ஆபத்தில்லை. பொதுப்படையாக எழுதுவது நடைக் குறை என்று பேராசிரியர் நினைக்கிறார். சாதி பற்றிய ஆய்வில் அது குற்றவாளிக்குப் போர்வை. அதைக் கண்டிக்க வேண்டியவர், போர்வையை விலக்கிக் கேள்வி கேட்காமல், போர்வை எந்த ஆலையில் நெய்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எனவே நான் வேறொரு குறிப்பு எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. எந்திரம் என்ற பேச்சே எடுக்கவில்லை. களத்துக்குப் போனவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்டேன்.

முதலில், முன்பணம் யாருடைய பணம்? இந்த வட்டாரத்துத் தறிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் தருவார். தறிக்காரர் நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார். அந்தக் கூலியை உயர்த்தக் கேட்டு 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. பத்திரிகைகளில் வந்ததெல்லாம் உரிமையாளர் இழப்பும் உற்பத்தி இழப்பும்தான். அந்த வாரங்களில் முன்பணம் வாங்கிய தொழிலாளி என்ன சாப்பிட்டார்? மறுபடி அதே உரிமையாளரிடம் கைநீட்டினாரா? தறி நின்ற நாட்களும் அவர் கடனில் ஏறினவா? முன்மொழிவில் இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

இரண்டாவது, எந்த ஊர்? கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவே ஆகிய இருவரும் திருப்பூர் வட்டாரக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தவர்கள். பண்ணையத்தில் இருந்த கொத்தடிமை முறை தறிக்கூடத்துக்குள் புது வடிவில் நுழைந்ததை அவர்கள் எழுதினார்கள். அவர்கள் காட்டியதில் முக்கியமானது ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு. ஓர் ஊரில் தலித்துகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்வந்து கவுண்டர் பிடியிலிருந்து ஓரளவு விலக முடிந்தது. இன்னோர் ஊரில் உள்ளூர்த் தறியின் முன்பணத்தில் மாட்டிக்கொண்டு நகர முடியவில்லை. ‘கொங்கு மண்டலத்தில்’ என்று தொடங்கும் வாக்கியம் இந்த வேறுபாட்டின் மேல் மண்ணள்ளிப் போடுகிறது. ஆகவே, ஊரைச் சொல்லுங்கள், அந்த ஊருக்குக் காலையில் கம்பெனி வண்டி வருகிறதா இல்லையா என்று சொல்லுங்கள் என்று எழுதினேன்.

மூன்றாவது, கணக்கு. 300 தொழிலாளர்களைச் ‘சீரற்ற மாதிரி முறையில்’ தேர்ந்தெடுத்து மூன்று மாதத்தில் நேர்காணப் போவதாக எழுதியிருந்தார். சீரற்று எடுக்க முதலில் பட்டியல் வேண்டும். முன்பணம் வாங்கியவர்களின் பட்டியல் எந்த அலுவலகத்திலும் கிடையாது. உரிமையாளர் மேசையில் இருக்கிற நோட்டுதான் பட்டியல். அடுத்தது நேரம். தறியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கூடத்துக்குள் தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. கேட்டாலும் முதலாளி நிற்கும் இடத்தில் கடனைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்துத்தான் பேச வேண்டும். ஒரு ஞாயிறுக்கு நான்கு பேர் என்றாலே பெரிய விஷயம். 300 பேருக்கு 75 ஞாயிறு. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. ஒரு முன்மொழிவு களத்தைப் பார்த்ததா இல்லையா என்று அறிய இதைவிட நல்ல இடம் இல்லை. நடையை யார் வேண்டுமானாலும் மெருகேற்றலாம். ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணியிருக்கிறாரா என்று பாருங்கள்.

நான்காவதாக மொழி. கேள்விப்பட்டியல் தமிழில் இருக்கும் என்றார். கொங்கில் அருந்ததியர் பலரின் வீட்டு மொழி தெலுங்கு. கடன், அவமானம், வீட்டுப் பெண்களை முதலாளி பேசிய பேச்சு இதெல்லாம் எந்த மொழியில் வெளிவரும்?

கடைசியாக, மேற்கோள் பட்டியலில் ஓர் உருப்படி. ஆசிரியர் உண்மையானவர், இதழும் உண்மையானது, ஆனால் அந்த ஆண்டு அந்த இதழில் அப்படியொரு கட்டுரை இல்லை. இதற்கு மட்டும் விளக்கம் கேட்டேன், கடுமையாகவே கேட்டேன். இல்லாத கட்டுரையைச் சான்று காட்டுவது எந்திரம் செய்தாலும் மனிதர் செய்தாலும் ஆய்வில் மன்னிக்கக்கூடாத பிழை. இதைப் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியும். பேராசிரியர் இந்தப் பட்டியலைச் சரிபார்க்கவே இல்லை. உண்மையான ஆதாரம் கிடந்த ஒரே இடத்துக்கு அவர் போகவில்லை.

இவ்வளவு மல்லுக்கட்டு எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டார். 1976 ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி முன்பணம் வாங்குவது குற்றமல்ல. வாங்கிய பணத்தைக் காட்டி, வேறு இடத்துக்கு வேலைக்குப் போகும் உரிமையையும் நடமாடும் உரிமையையும் பறித்தால் அது கொத்தடிமை. அதை நிறுவினால் கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்று கொடுக்க வேண்டும், கடன் செல்லாததாகும். நிறுவுவதற்கு எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினார், வாரம் எவ்வளவு பிடித்தார்கள், வேறு கூடத்துக்குப் போக முயன்றபோது என்ன நடந்தது என்ற விவரம் வேண்டும். ‘பன்முகச் சவால்’ என்று எழுதிய அறிக்கையைக் கொண்டுபோய்க் கோட்டாட்சியர் மேசையில் வைத்தால் காகிதத் தட்டில்தான் போகும்.

குறிப்பு போய்ச் சேர்ந்த பத்தாவது நாள், நிதியத்தின் அனுமதியோடு அவர் என்னைச் சந்திக்க வந்தார். வயது இருபத்தாறு இருக்கும். முதலில் அந்த மேற்கோளைக் கேட்டேன். மறைக்கவில்லை.

“நான் தமிழ்லதானுங்ணா எழுதினேன். இங்கிலீஷ்லதான் கேட்டாங்க. சாட்ஜிபிடில போட்டு மாத்தச் சொன்னேன். இன்னும் கல்விப்புலத்துக்குத் தக்க மாதிரி பண்ணுன்னு சொன்னேன். அதுவா அந்தக் கட்டுரையச் சேத்திருச்சு. நான் பாக்கல, அது என் தப்புதானுங்.”

ஆக, பேராசிரியரின் ஊகம் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை வைத்து அவர் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை என்பதுதான் என் ஆத்திரம். 2023-இல் பிரிட்டனின் ஆய்வு நிதி அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே, ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாதவர்களுக்கு இக்கருவிகள் தடையைக் குறைக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, பயன்படுத்தியதைச் சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறது. எங்கள் படிவத்தில் அதைச் சொல்வதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. தமிழில் விண்ணப்பிக்கவும் வழியில்லை. கொங்கு மண்ணின் தறித்தொழிலாளியைப் பற்றி, கோவையில் உட்கார்ந்திருக்கும் தமிழர் நான்கு பேர் படிப்பதற்கு, எதற்கு ஆங்கில முன்மொழிவு?

அவருடைய தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஆறு பக்கம், எழுத்துப் பிழைகளோடு. அதில் ஒரு நோட்டு வருகிறது. அவருடைய அப்பா இரவு ஷிப்டில் தறி ஓட்டியவர். கூடத்துக் கணக்கரிடம் கெஞ்சி, தன் முன்பணக் கணக்கைத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறார். 2011 தீபாவளிக்கு 15,000 ரூபாய். வாரம் 200 பிடித்தம். அதன்படி 75 வாரத்தில் தீர்ந்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு பொங்கல், அம்மாவுக்கு ஆபரேஷன், அக்கா சடங்கு. எட்டு ஆண்டு கழித்து நோட்டில் பாக்கி 48,000. நடுவில் ஒரு முறை அப்பா சோமனூரில் வேறு கூடத்தில் சேர்ந்தபோது, பழைய முதலாளியின் மகன் அங்கேயே வந்து, எல்லோர் முன்னாலும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் அந்த ஆறு பக்கத்தில் இருந்தது.

“இதை ஏன் எடுத்தீங்க?” என்றேன்.

“சொந்தக் கதையெல்லாம் முன்மொழிவுல வரக் கூடாதுன்னு துறையில சொன்னாங்க. முன்முடிவோட போறான்னு நெனைப்பாங்கன்னு.”

வேலைக்குப் போகும் உரிமை, நடமாடும் உரிமை, தேதி, தொகை, பிடித்தம் என்று சட்டம் கேட்கும் அத்தனையும் அந்த நோட்டிலும் ஆறு பக்கத்திலும் இருந்தன. ஆங்கிலமாகி வந்தபோது அவையெல்லாம் ‘கடன்சார் பாதிப்புநிலை’ என்று சுருங்கிவிட்டன. எந்திரம் செய்தது அந்தச் சுருக்கத்தின் கடைசிப் படி மட்டுமே. நோட்டைத் தூக்கி வெளியே வைத்தவர் நெறியாளர். உள்ளே எட்டிப் பார்க்காமல் கதவைச் சாத்தப் போனவர் மதிப்பீட்டாளர்.

நான் குழுவில் இரண்டு கோரிக்கை வைத்தேன். தமிழில் எழுதிய முன்மொழிவை ஏற்க வேண்டும். நிராகரிக்கும் குறிப்பு எதுவானாலும், விண்ணப்பத்திலிருந்து குறைந்தது மூன்று வாக்கியங்களை எடுத்துக் காட்டி, அவற்றில் என்ன இல்லை என்று எழுத வேண்டும். முதல் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது ‘மதிப்பீட்டாளர்களின் நேரம்’ என்ற காரணத்தால் நிலுவையில் இருக்கிறது.

அவருடைய திருத்திய முன்மொழிவு இந்த மாதம் வந்திருக்கிறது, தமிழில். ஊர் இரண்டு, பெயரோடு. 300 என்பது 42 ஆகியிருக்கிறது, ஞாயிறுக்கு மூன்று பேர், பதினான்கு ஞாயிறு. தெலுங்கு பேசும் ஓர் அக்காவுக்கு உதவியாளர் ஊதியம் கேட்டிருக்கிறார். இணைப்பாக நோட்டின் நகல், முதலாளி பெயரும் கூடத்தின் பெயரும் மறைக்கப்பட்டு. விதிப்படி அதை இம்முறை படிக்கப் போவது நான் இல்லை, வேறொருவர்.

அவருக்கு அனுப்பிய கோப்பில் பழைய மூன்று வரிக் குறிப்பும் இன்னும் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.